கம்யூனிட்டி பிரச்சினை என்றால் எது சார்?

பள்ளிப்பட்டு பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில், தேசிய அறிவியல் தினத்தன்று தலைமையாசிரியர் பேசினார். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கல்கத்தாவில் சி.வி.ராமன் ஒளிச்சிதறல் பற்றிய தன் கண்டுபிடிப்பை அறிவித்ததையும், அந்த நாளை 1987 முதல் நாடு கொண்டாடி வருவதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். எரிமலை மாதிரி, காற்றாலை மாதிரி என்று தெர்மாகோலை வெட்டிக்கொண்டு வர வேண்டாம். இந்த ஆண்டு ஒவ்வொரு குழுவும் தன் கம்யூனிட்டியில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, அளந்து பார்த்து, எழுதிக்கொண்டு வர வேண்டும் என்றார்.

நல்ல பேச்சு. ஆனால் அந்த ஒரு சொல்லில் பிள்ளைகளுக்குத் தடை விழுந்துவிட்டது. நம் பிள்ளைகள் கம்யூனிட்டி என்ற சொல்லை முதலில் கேட்பதே கம்யூனிட்டி சர்ட்டிபிகேட்டில்தான். சமுதாயம் என்று தமிழில் சொல்லியிருந்தாலும் இதே கதைதான். "நீங்க எந்தச் சமுதாயம்?" என்று ஊரில் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டம் முடிந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், கம்யூனிட்டி பிரச்சினைன்னா எங்க காலனி பிரச்சினையா, இல்ல ஊர் பிரச்சினையா?" என்று கேட்டாள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் பேசும் பிள்ளை. ஆசிரியர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த ஆய்வையும் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்: எந்த எல்லைக்குள் இருப்பது ‘நம்’ பிரச்சினை?

காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். ஆனால் பெயரை மாற்றுவதால் குழாய் இடம் மாறுவதில்லை. அந்த மாணவி கடைசியில் தேர்ந்தெடுத்தது தண்ணீரைத்தான். அதைப் பள்ளிப் பிள்ளைகள் எப்படி அளக்கலாம், அளப்பதில் எங்கே தவறுவார்கள், அளந்த பிறகு என்ன செய்யலாம் என்று விரிவாகவே எழுதுகிறோம். கொசஸ்தலை ஆற்றங்கரை ஊர்களில் இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் என்றதும் ‘நீர் மாசு - ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்துவிடுவார்கள். அது ஆய்வு இல்லை, கட்டுரைப் போட்டி. 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகள் உள்ளூர்ப் பிரச்சினையை ஆய்வு செய்து கொண்டுபோகிறார்கள். அங்கே எடுபடுவதெல்லாம் விடை சொல்லக்கூடிய ஒற்றைக் கேள்வி உள்ள ஆய்வுதான். நாம் சொல்லும் கேள்வி இது: தொட்டியில் போடுகிற குளோரின், காலனியின் கடைசிக் குழாய்வரை வருகிறதா?

ஏன் குளோரின்? மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலப்பது கிருமியைக் கொல்ல. கொன்ற பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் குழாய்க்குள் புதிதாக எந்த அழுக்கு நுழைந்தாலும் அதை அந்த மிச்சம்தான் சமாளிக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மீதம் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் காவல்காரன் கடைசித் தெருவரை வருகிறானா என்பதுதான் கேள்வி. தொட்டிக்கு அருகில் இருக்கும் தெருவில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை வைத்துக் கடைசித் தெருவுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. நம் ஊர்களில் கடைசித் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் கணக்கு. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது ஊராட்சிகளில் சொல்லப்படும் அளவு. காலனித் தொட்டி 10,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 40 கிராம். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும் குளோரின். அப்படியானால் 4 கிராமில் கிடைப்பது சுமார் 1.3 கிராம். அதை 1,000 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையில் போட்டுவிடும்.

ஆனால் கரும்பலகையில் உள்ள பவுடரும் ஊராட்சி அலுவலக மூலையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையும் ஒன்றல்ல. வெயிலும் ஈரக்காற்றும் பட்டால் பவுடர் சக்தி இழக்கும், கட்டி தட்டும். நம் பக்கத்து ஏப்ரல், மே வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாதி சக்தி போன பவுடரை அதே 40 கிராம் போட்டால் லிட்டருக்குக் கிடைப்பது 0.65 மில்லிகிராம். தொட்டியின் உள்சுவரில் பாசி, அடியில் சேறு, குழாய்க்குள் வழவழப்பு என்று எல்லாம் அதில் தங்கள் பங்கைத் தின்னும். 0.5 தின்றுவிட்டால் கடைசிக் குழாயில் மிஞ்சுவது 0.15. தேவையானது 0.2. யாரும் வேண்டுமென்றே கெடுதல் செய்யாமலேயே காலனிக்குக் காவல் இல்லாமல் போய்விட்டது. பதிவேட்டில் மட்டும் ‘பிளீச்சிங் பவுடர் 40 கிராம் போடப்பட்டது’ என்று இருக்கும். அது பொய்யும் அல்ல.

அதனால் பிள்ளைகள் பதிவேட்டைப் பார்ப்பதோடு நிற்காமல் குழாயை அளக்க வேண்டும். அதற்குக் கருவி ஒன்றும் பெரிதல்ல. ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுவது. ஊராட்சிகளில் குளோரோஸ்கோப் என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் மஞ்சள் நிறம் காட்டும் பழைய மருந்து. அது அமிலம் கலந்தது, பிள்ளைகள் கையில் கொடுக்க ஏற்றதல்ல. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. மருந்து உள்ள பெட்டியே பள்ளிக்கு நல்லது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் தர வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி எங்கே என்று கேட்பதே திட்டத்தின் முதல் வேலையாக இருக்கட்டும். பெட்டி பிரிக்கப்படாமல் பீரோவில் இருந்தால் அதையும் ஆய்வேட்டில் எழுதலாம்.

எங்கே அளப்பது? மூன்று இடம் போதும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் முதல் திறப்பு, நடுத்தெருவில் ஒன்று, கடைசி வீட்டில் ஒன்று. ஊரின் தொட்டியிலும் அதே மூன்று, காலனியின் தொட்டியிலும் அதே மூன்று. ஒரே நாள், தண்ணீர் விடும் அதே நேரம். காலனியில் மட்டும் அளந்தால், "எல்லா இடத்திலும் இப்படித்தான் வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒப்பிட ஊர்த் தெருவின் எண் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகவே குழுவில் ஊர்ப் பிள்ளையும் இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஊர்த் தெருவில் போய்க் குழாயில் கை வைக்க நம் பிள்ளைக்கு எல்லா இடத்திலும் இன்னும் எளிதாக இல்லை. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாண சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் யாருக்கும் தடை கூடாது என்றது. அடுத்த ஆண்டே அரசிதழிலும் வந்துவிட்டது. நூறு ஆண்டு ஆகியும் ஒரு பள்ளித் திட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்க யாரை அனுப்புவது என்று ஆசிரியர் யோசிக்கிறார்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கக் கூடாது. நடந்து போகும் நேரத்தில், அதுவும் வெயிலில், இருந்த குளோரினும் போய்விடும். குழாயடியிலேயே சொட்டு விட்டு, மருந்துப் பெட்டியில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் பார்த்து எழுத வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நிறம் பார்ப்பதில் கண் ஏமாற்றும். காலனித் தண்ணீர் மோசம் என்று நம்புகிற பிள்ளைக்கு வெளிறிய நிறம் இன்னும் வெளிறித் தெரியும். அப்படி இல்லை என்று நினைக்கிற பிள்ளைக்கு அடர்ந்து தெரியும். அதற்கு வழி இருக்கிறது. ஒருவர் தண்ணீர் பிடித்து எண் மட்டும் ஒட்டட்டும். எந்த எண் எந்தக் குழாய் என்று தெரியாத இன்னொருவர் முதுகைக் காட்டி நின்று, பிறகு திரும்பி நிறத்தைப் படிக்கட்டும். ஆறு குழாயும் ஒரே தெருவில் இல்லை என்பதால் இது முழுதாக நடக்காது. ஒவ்வொரு தொட்டியின் பகுதிக்குள்ளாவது செய்யலாம்.

இனி, எண்ணைப் படிப்பது. இதுதான் இந்த ஆய்வின் ருசியான பகுதி. தொட்டியடிக் குழாயிலேயே நிறம் வரவில்லை என்றால் பவுடர் போடவில்லை, அல்லது போட்ட பவுடர் செத்த பவுடர். தொட்டியடியில் 0.6, நடுத்தெருவில் 0.5, கடைசி வீட்டில் ஒன்றுமில்லை என்றால் பவுடர் போட்டவர் மேல் குற்றமில்லை. நடுத்தெருவுக்கும் கடைசி வீட்டுக்கும் இடையே குழாய்க்குள் ஏதோ நுழைகிறது. அந்த இடைவெளியில் நடந்து பாருங்கள். சாக்கடைக்குள் மூழ்கிக் கிடக்கும் இணைப்பு, வெடித்த குழாயில் கட்டிய டியூப், யாரோ நேராகக் குழாயில் மாட்டிய மோட்டார் இப்படி ஒன்று அகப்படும். தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். மோட்டார் இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது விரிசல் வழியாக வெளியே தேங்கியிருப்பது உள்ளே போகும். மறுநாள் முதல் தண்ணீரில் அது வரும். காலையில் கடுமையாகப் பவுடர் வாடை, பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே இல்லை என்றால் வேறு காரணம். பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறக்காமல், கையால் அள்ளிப் போட்டுவிட்டு உடனே வால்வைத் திறந்திருக்கிறார்கள்.

பவுடர் போடும் மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஊர்களில் மோட்டார் போட்டு, தொட்டி கழுவி, பவுடர் கலக்குபவரும் நம் தெருக்காரர்தான். சொற்பச் சம்பளம். அவருக்குத் தராசும் கொடுத்ததில்லை, புது மூட்டையும் கொடுத்ததில்லை. ஆய்வு முடிந்ததும் அவரைக் கூப்பிட்டுத் திட்டுவதோடு விஷயத்தை முடிப்பது ஊராட்சிகளுக்கு வசதி. பிள்ளைகள் அவரைக் குற்றவாளியாக அல்ல, தகவல் தருபவராக வைத்துப் பேச வேண்டும். எத்தனை நாளைக்கு ஒரு மூட்டை வருகிறது, எதால் அளக்கிறீர்கள் அண்ணா, கடைசியாகத் தொட்டி கழுவியது எப்போது என்று கேட்டு எழுதுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவி, அந்தத் தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும். தொட்டி மேல் எந்தப் பிள்ளையும் ஏறக் கூடாது. கீழே நின்று தேதியைப் படித்தால் போதும்.

குளோரின் இல்லை என்பதாலேயே தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு இன்னொரு சோதனை உண்டு. குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் மஞ்சா என்ற அறிவியலாளரும் அவரது சகாக்களும் 1982-இல் வெளியிட்ட எளிய முறை அது. மருந்து தடவிய தாள் உள்ள சிறு குப்பியில் குறி வரை தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி சேர்ந்த தண்ணீர் கறுக்கும். இன்று உலகம் முழுக்கக் கிராமங்களில் இது புழங்குகிறது. நம் வெயிலே அதற்கு அடுப்பு. ஆனால் கறுத்தால் எவ்வளவு கிருமி என்று அது சொல்லாது. கந்தக வாடை அடிக்கும் சில போர்த் தண்ணீர், மலம் கலக்காமலேயே கறுக்கும். அதனால் போர்க் குழாயில் நேராகப் பிடித்த தண்ணீரை ஒரு குப்பியில் தனியாக வைத்து ஒப்பிட வேண்டும். போர்த் தண்ணீர் தெளிவாக இருந்து கடைசிக் குழாய்த் தண்ணீர் மட்டும் கறுத்தால், அதை மூன்று தடவை திரும்பச் செய்தும் அப்படியே வந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் நேரம் வந்துவிட்டது. கறுத்த குப்பியைத் திறந்து முகரக் கூடாது. ஆசிரியர் பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டு அழிக்க வேண்டும்.

பெட்டி, குப்பி எதுவும் கிடைக்காத பள்ளியிலும் ஓர் அளவு எடுக்கலாம். அதை நமக்குச் சொன்னது காலனிப் பெண்கள். கடைசித் தெருவில் முதல் குடத்தை யாரும் குடிக்க எடுப்பதில்லை, கொட்டிவிடுவார்கள். வாடை, கலங்கல். சில நாளில் இரண்டு குடம், சில நாளில் நான்கு. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை குடம் கொட்டுகிறார்கள் என்று பத்து நாள் எண்ணி எழுதுங்கள். கூடவே ஒரு குடம் நிரம்ப எத்தனை விநாடி என்று செல்போன் கடிகாரத்தில் பாருங்கள். முதல் தெருவில் 40 விநாடியில் நிரம்பும் 15 லிட்டர் குடம், கடைசித் தெருவில் மூன்று நிமிடம் எடுத்தால், ஒரு மணி நேரம் தண்ணீர் விடும் நாளில் அங்கே 90 குடம், இங்கே 20 குடம். அதில் நான்கைக் கொட்டினால் 16. இதற்கு ஆய்வகம் வேண்டாம். அறிவியல் ஆசிரியர்கள் இதை அறிவியல் அல்ல என்று ஒதுக்கினால், அளவை என்றால் என்ன என்று அவர்களிடமே கேட்கலாம்.

தினமும் அளப்பதில் இன்னொரு பயன் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நடந்ததை நாம் மறக்க முடியாது. முதலில் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், டிசம்பர் 26 அன்று, இளைஞர்கள் அந்த 10,000 லிட்டர் தொட்டியில் ஏறி உள்ளே மலம் கிடப்பதைக் கண்டார்கள். குழந்தைகளின் வயிறுதான் அங்கே சோதனைக் குப்பியாக இருந்தது. தண்ணீரில் மலம் கலந்தால் அது குளோரினை வேகமாகத் தின்றுவிடும். தினமும் 0.5 காட்டும் தொட்டியடிக் குழாய், பவுடர் போட்ட நாளிலும் திடீரென ஒன்றுமில்லை என்று காட்டினால், அந்தத் தண்ணீரை யாரும் குடிக்காமல் நிறுத்த அது போதுமான காரணம். யார் செய்தார்கள் என்று அந்த நிறம் சொல்லாது. அதைப் பிள்ளைகளின் ஆய்வேட்டில் எழுதவும் கூடாது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மட்டும் எழுத வேண்டும். அந்த மூன்றும் இருந்தால் பின்னால் யாரும் மாற்றிப் பேச முடியாது.

தலைப்பு விஷயத்தில் ஆசிரியர்களோடு நமக்கு ஒரு சண்டை எப்போதும் உண்டு. பிள்ளை ‘எங்கள் காலனியின் கடைசிக் குழாய்’ என்று எழுதிக் கொடுத்தால், வழிகாட்டி ஆசிரியர் அதை ‘பகுதி அ, பகுதி ஆ’ என்று திருத்துவார். பிரச்சினை வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். வீட்டு எண்களையும் பெயர்களையும் மறைப்பது சரி, அது அவசியமும்கூட. ஆனால் தெருவையே மறைத்துவிட்டால் எதை அளந்தோம் என்பதே போய்விடும். பகுதி ஆவுக்கு யாரும் குழாய் மாற்றித் தர மாட்டார்கள்.

பிப்ரவரி 28-க்கும் மார்ச் 22-க்கும் இடையே மூன்று வாரம் இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்று ஊராட்சிகளில் கிராமசபை கூடும். பள்ளிப்பட்டு பேரூராட்சி என்பதால் இங்கே கிராமசபை இல்லை, சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குத்தான் அது. முதல் வாரம் பெட்டியைத் தேடி, குழாய்களைக் குறித்து, ஒருமுறை ஒத்திகை பாருங்கள். அடுத்த பத்து நாள் காலையில் அளந்து எழுதுங்கள். மிச்ச நாளில் அட்டவணையைப் பெரிய தாளில் போடுங்கள். பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு கிடையாது, அம்மாக்களுக்கு உண்டு. அட்டவணையோடு அவர்கள் கொடுக்கும் மனுவில் ‘சுத்தமான குடிநீர் வழங்க வேண்டும்’ என்று எழுதினால் ஆவன செய்யப்படும் என்று பதில் வரும். நடுத்தெருவுக்கும் கடைசி வீட்டுக்கும் இடையே உள்ள இத்தனை அடிக் குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கிப் போட வேண்டும், பவுடர் அளக்கத் தராசும் மூடியுள்ள டப்பாவும் தர வேண்டும், கடைசிக் குழாயின் குளோரின் அளவை வாரம் ஒருமுறை தொட்டியில் எழுத வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்த வரிகள் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.